“செக்பாயிண்ட் உடைஞ்சிருக்கு” என்று ஒரு ஸ்டார் ரிவ்யூ: இந்தப் பதில் சரியா?

கோட்டைவாசல் · செவ்வாய் இரவு 9.10

வேலூர்க் கோட்டையை வைத்து நாங்கள் மூன்று பேர் கோடோ 4ல் செய்த 2டி ஆண்ட்ராய்டு கேமுக்கு, கூகுள் பிளேயில் நேற்று இந்த ரிவ்யூ வந்தது:

> “3ம் கட்டம் அகழி தாண்டி விளக்கைத் தொட்டேன். போன் வந்தது, பேசிட்டுத் திரும்பத் திறந்தா ஆள் தண்ணியில விழுந்து சாகுறான். மறுபடி அதே இடம், மறுபடி சாவு. 240 காசு இருந்தது, 35 ஆயிடுச்சு. செக்பாயிண்ட் உடைஞ்சிருக்கு, யாரும் டவுன்லோட் பண்ணாதீங்க.”

விளக்குதான் எங்கள் செக்பாயிண்ட். ஒவ்வொரு சாவுக்கும் 5 காசு கழியும். விளக்கு தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. அதை 100 பிக்சல் உள்ளே தள்ளி 1.0.4 போட்டோம். அது இப்போது 20% பேருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போட நினைக்கும் பதில்:

> “வணக்கம்! உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு மிக்க நன்றி. சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம். சில போன்களில் மட்டும் ஏற்பட்ட இந்தப் பிரச்சினை இப்போது முழுமையாகச் சரிசெய்யப்பட்டுள்ளது. அப்டேட் செய்துவிட்டு உங்கள் ரேட்டிங்கை மாற்றவும்.”

விளக்கின் கோடு இது:

```gdscript
func _on_body_entered(body):
    if body.is_in_group("player"):
        SaveGame.data["x"] = body.global_position.x
        SaveGame.data["y"] = body.global_position.y
        SaveGame.write()
```

பதில் எப்படி இருக்கிறது? எங்காவது மாற்ற வேண்டுமா?

---

மக்கன்பேடா · இரவு 9.24

இன்னாபா, எனக்கும் இதேதான். நான் ஆடுற வேற ஒரு கேம்ல போன வாரம் சேவ் சுத்தமா காணாமப் போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். செட்டிங்ஸ்ல போயி “டேட்டா அழி” குடுத்தா சரியாயிடும்னு சொன்னாங்க. அவருக்கும் அதையே பதில்ல எழுதிடு, வேலை முடிஞ்சுது.

---

பாலாறு77 · இரவு 9.41

மக்கன்பேடா, அதை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். டேட்டாவை அழித்தால் `user://` அடியில் இருக்கும் சேவ் கோப்பும் சேர்ந்து போய்விடும். கேமை நீக்கினாலும் அதே கதி. “கேஷ்” அழிப்பது வேறு, அதில் சேவ் போகாது. உங்களுடையதும் வேறு கோளாறு. உங்கள் கேமுக்குச் சேவைப் படிக்க முடியவில்லை, அதனால் முதலிலிருந்து தொடங்கிற்று. இவருடைய ரிவ்யூவில் கட்டம், காசு, இடம் எல்லாம் சரியாகவே திரும்பி வருகின்றன. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் எழுதி வைத்த இடம்தான் தப்பு.

கோட்டைவாசல் தம்பி, பதிலைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் வேண்டும். கரையின் விளிம்பு, விளக்கு, அதன் Area2D அகலம் எல்லாம் எந்த x? கரைக்கு ஆள் எதில் வருகிறான்? ஒரே ஆட்டத்தில் செத்துப் பிழைத்தால் இது நடக்கிறதா, மூடித் திறந்தால் மட்டும் நடக்கிறதா?

---

கோட்டைவாசல் · இரவு 9.58

கரை விளிம்பு x = 1760. விளக்கு 1800ல் இருந்தது, 1.0.4ல் 1900. ஏரியா விளக்குக்கு இரண்டு பக்கமும் 80. ஆள் பரிசலில் வருகிறான். அந்தப் பரிசல் 100 பிக்சல் அகலம். ஏறினதும் தானே நகர்ந்து கரையோடு ஒட்டி நின்றுவிடும், திரும்பிப் போகாது. ஒரே ஆட்டத்தில் செத்தால் ஒழுங்காகப் பிழைக்கிறான். நாங்கள் நூறு தடவையாவது பார்த்திருப்போம், ஒரு தடவை கூட இப்படி ஆகவில்லை. அதனால்தான் “சில போன்களில் மட்டும்” என்று எழுதினேன் அண்ணா.

---

பாலாறு77 · இரவு 10.20

விடை நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பழைய ஏரியா 1720ல் தொடங்குகிறது, கரை 1760ல். நடுவில் 40 பிக்சல் தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆளின் அரை அகலம் 12 என்று வைத்தால், அவன் மையம் 1708க்கு வந்ததுமே `body_entered` அடிக்கும். அப்போது அவன் நிற்பது பரிசல்மேல். சேவில் x = 1708 என்று எழுதப்படுகிறது. பரிசலில் வருகிற எல்லோருக்கும் இதேதான் எழுதப்படும், அந்த ரிவ்யூக்காரருக்கு மட்டும் இல்லை.

ஒரே ஆட்டத்தில் செத்தால் கட்டம் புதிதாக ஏறுவதில்லை. பரிசல் 1660 முதல் 1760 வரை கரையோடு ஒட்டியே நிற்கிறது. 1708ல் பிழைத்தால் காலடியில் பரிசல் இருக்கும். நீங்கள் நூறு தடவை பார்த்தது இதை. கேமை முழுக்க மூடித் திறந்தால் கட்டம் முதலிலிருந்து ஏறும், பரிசல் அக்கரைக்குப் போய்விடும், ஆள் மட்டும் 1708ல். கீழே ஒன்றுமில்லை. விழுகிறான், சாகிறான், 5 காசு கழிகிறது, திரும்ப 1708.

போன் வந்தது என்று அவர் எழுதியதுதான் துப்பு. ரேம் குறைந்த போனில் வேறு ஆப்புக்குப் போய்ப் பேசி வருவதற்குள் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் கேமைக் கொன்றுவிடும். நல்ல போனில் கேம் உயிரோடு காத்திருக்கும். ஆகவே போன் மாடலைக் குற்றம் சொல்ல முடியாது. எந்தப் போனிலும் மூடித் திறந்தால் வரும் தவறு இது.

அவருடைய காசைப் பாருங்கள்: 240ல் 35 போக 205. ஐந்தால் வகுத்தால் மீதமில்லாமல் 41. அகழியில் விழுந்தே 41 தடவை செத்திருக்கிறார். ரிவ்யூவில் ஒரு வார்த்தை மிகை இல்லை.

---

ரத்னகிரி · இரவு 10.37

இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு? காற்றில் இருக்கும்போது சேவ் ஆகக் கூடாது, அவ்வளவுதானே. ஒரு வரி போதும்:

```gdscript
if body.is_on_floor():
    SaveGame.write()
```

எந்த பிளாட்ஃபார்மர் கேமுக்கும் நான் இதைத்தான் போடச் சொல்வேன்.

---

பாலாறு77 · இரவு 10.52

குதிக்கும்போது விளக்கைத் தொட்டால் நடுவானத்தில் சேவ் ஆகும் கோளாறுக்கு அந்த வரி ஓரளவு உதவும், ரத்னகிரி. இங்கே உதவாது. பரிசல்மேல் நிற்கும்போது `is_on_floor()` உண்மை என்றுதான் சொல்லும். இன்ஜினுக்குப் பரிசலும் தரைதான், கரையும் தரைதான்.

குதிப்புக்கும் அதில் ஒரு குறை உண்டு. `body_entered` உள்ளே நுழையும்போது ஒரே ஒரு முறை அடிக்கும். அந்த நொடி ஆள் காற்றில் இருந்தால் நிபந்தனை பொய்யாகி, சேவே நடக்காது. பிறகு ஏரியாவுக்குள் இறங்கி நின்றாலும் மறுபடி அடிக்காது. விளக்கைத் தொட்டும் சேவ் ஆகவில்லை என்று அடுத்த ஒரு ஸ்டார் வரும்.

வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் எங்கே நின்றான் என்பதைச் சேவ் செய்யவே கூடாது. எந்த விளக்கைத் தொட்டான் என்பதை மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் அடியில், அசையாத தரையில் ஒரு Marker2D வைத்து, பிழைப்பது அங்கேதான் என்று ஆக்க வேண்டும்:

```gdscript
# விளக்கைத் தொடும்போது
SaveGame.data["checkpoint"] = checkpoint_id
SaveGame.write()

# கேமைத் திறக்கும்போதும் பிழைக்கும்போதும்
player.global_position = cp.get_node("SpawnPoint").global_position
player.velocity = Vector2.ZERO
```

தம்பி, முக்கியமானது இனிமேல்தான். உங்கள் 1.0.4 அந்த ரிவ்யூக்காரருக்கு ஒன்றுமே செய்யாது. விளக்கை நகர்த்தினால் இனி தொடுபவர்களுக்குத்தான் சரியாகும். அவர் சேவில் 1708 ஏற்கெனவே எழுதியிருக்கிறது. உங்கள் பதிலை நம்பி அப்டேட் போட்டுத் திறப்பார், 42ஆம் தடவையாக விழுவார். “முழுமையாகச் சரிசெய்யப்பட்டுள்ளது” என்ற வரி அப்போது பொய்யாகிவிடும், அதுவும் எல்லோரும் பார்க்கும் இடத்தில்.

---

கோட்டைவாசல் · இரவு 11.05

இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பழைய சேவை என்ன செய்வது? அவருடையது போன்ற கோப்பு இப்படி இருக்கும்:

```json
{"version":1,"level":3,"x":1708,"y":498,"coins":35,"deaths":63}
```

`deaths` என்பது கேம் முழுவதற்கும் ஒரே எண்ணிக்கை. கட்டவாரியாக இல்லை. எண்கள் எங்கள் டெஸ்ட் போனில் நான் செய்து பார்த்தது.

---

பாலாறு77 · இரவு 11.31

`version` வைத்திருக்கிறீர்களே, அது போதும், பாதி வேலை மிச்சம்.

சேவ் எப்போதுமே ஏதோ ஒரு விளக்கின் ஏரியாவுக்குள் நுழையும் கணத்தில்தான் எழுதப்பட்டது. ஆகவே பழைய x, y எதுவானாலும் ஏதோ ஒரு ஏரியாவின் ஓரத்தில்தான் இருக்கும். “பக்கத்தில் இருக்கும் விளக்கு எது” என்று தூரம் அளந்து தேட வேண்டியதில்லை, அப்படித் தேடினால் மேல்தளத்து விளக்கு மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. `version` 1 என்று கண்டால் அந்தக் கட்டத்தின் ஏரியாக்களை எல்லாப் பக்கமும் 32 பிக்சல் பெரிதாக்கி, புள்ளி எதற்குள் விழுகிறது என்று பாருங்கள். அரை அகலம் 12. அதற்கு மேல், வேகமாக விழும்போது ஓரிரு ஃப்ரேமில் உள்ளே போகக்கூடிய தூரத்துக்கு மீதி. எதற்குள்ளும் விழாவிட்டால் அந்தக் கட்டத்தின் தொடக்கம். காசைத் தொடாதீர்கள். முடிந்ததும் `version` 2 என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 1.0.4ல் விளக்கு 1900க்குப் போனதால் புது ஏரியா 1820ல் தொடங்குகிறது. பெரிதாக்கினாலும் 1788தான். அவருடைய 1708 அதற்குள் வராது, பாவம், கட்டத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுவார். விளக்கைப் பழையபடி 1800லேயே வையுங்கள். அப்போது 1708ம் உள்ளே வரும், 1.0.4ல் தொட்டவர்களின் 1808ம் உள்ளே வரும். பிழைக்கும் இடம் இனி கரையில் இருக்கும் SpawnPoint என்பதால் ஏரியா தண்ணீர்மேல் நீட்டியிருந்தாலும் கெடுதல் இல்லை.

1.0.4ஐ 20%லேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. அவர்களுக்கும் சேர்த்து, வெர்ஷன் கோடு கூட்டி 1.0.5 ஏற்ற வேண்டியதுதான்.

---

குடியாத்தம்_டெஸ்டர் · புதன் காலை 7.15

கோட்டைவாசல் ராத்திரி அனுப்பிய 1.0.5 சோதனை பில்டைப் பார்த்தேன். செய்தது: 1.0.3 போட்டு, பரிசலில் போய் விளக்கைத் தொட்டு, ஹோம் பட்டன். பிறகு

```
adb shell am kill <package>
```

கொடுத்துத் திரும்பத் திறப்பது. `am kill` பின்னால் இருக்கும் ஆப்பைத்தான் கொல்லும், அதனால் ஹோம் அழுத்தாமல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. 1.0.3ல் பத்துக்குப் பத்தும் தண்ணீர்தான். அதே சேவோடு மேலேயே 1.0.5 ஏற்றினேன், நீக்கிவிட்டுப் போடவில்லை. பத்துக்குப் பத்தும் கரையில். 1.0.4ல் எடுத்த சேவும் கரைக்கே வந்தது.

இரண்டு குறை. ஒன்று, 5ம் கட்டத் தூக்குப்பாலம். அங்கே மூடித் திறந்தால் இன்னும் சாகிறான். சீனைத் திறந்து பார்த்தேன், SpawnPoint பாலத்தின் அடியில் குழந்தை நோடாக இருக்கிறது. பாலம் தூக்கிக்கொண்டிருக்கும்போது அதுவும் சேர்ந்து மேலே போய்விடுகிறது. தரையின் அடிக்கு மாற்ற வேண்டும். மற்ற கட்டங்களிலும் SpawnPoint எதன் அடியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, 3ம் கட்டத்தில் கரையில் பிழைத்தால் பரிசல் அக்கரையில் நிற்கிறது. அக்கரையில் விட்டுவந்த காசை எடுக்கப் போக வழியில்லை. சாவு இல்லை, ஆனாலும் குறைதான்.

---

கோட்டைவாசல் · காலை 8.02

பாலத்தை மாற்றிவிட்டேன். மற்றவை சரியாக இருக்கின்றன. பரிசலை இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும் மணி ஒன்று வைக்க வேண்டும், அது 1.0.5ல் வராது. 1.0.4ஐ நிறுத்திவிட்டேன்.

பதிலை 1.0.5 எல்லோருக்கும் போன பிறகு போடலாமா?

---

ரத்னகிரி · காலை 8.20

காத்திருப்பதுதான் சரி. சரியாகாததைப் பற்றி இப்போதே எழுதினால் வாங்க வருபவன் அதைத்தான் படிப்பான். இன்னொன்று, கீழே விழ அரை நொடி ஆகிறதே, அதற்குள் பாஸ் பட்டனைத் தொட்டு “கட்டத்தை மீண்டும் தொடங்கு” கொடுத்தால் வெளியே வந்துவிடலாம். அதையாவது சொல்லலாம்.

---

பாலாறு77 · காலை 8.49

பாஸ் வழி வேலை செய்யும், பார்த்தேன். ஆனால் அது செக்பாயிண்டைக் கட்டத்தின் தொடக்கத்துக்கு மாற்றி எழுதிவிடும். 1.0.5 வரும்போது காப்பாற்றக் கரைப் பதிவே இருக்காது. அவரிடம் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். காத்திருக்கச் சொல்வதுதான் அவருக்கு லாபம் என்பது என் கருத்து.

பதிலை இன்றைக்கே போடுங்கள் என்பேன். அவர் கோபத்தில் கேமை நீக்கிவிட்டால் சேவ் போய்விடும், பிறகு 1.0.5 யாருக்காக? “நீக்க வேண்டாம்” என்ற செய்தி இன்று போய்ச் சேர்ந்தால்தான் பயன். பிளே கன்சோலில் அந்த ரிவ்யூவோடு அவர் எந்த வெர்ஷனில் ஆடினார் என்று காட்டும், 1.0.3தானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1.0.5 எல்லோருக்கும் போன அன்று பதிலைத் திருத்திக்கொள்ளலாம்.

பதிலுக்கு 350 எழுத்துதான் இடம். தமிழில் அது இன்னும் குறுகும், “கொ” என்பது நமக்கு ஒரு எழுத்து, கணக்கில் இரண்டு. உங்கள் பதிலில் வணக்கமும் நன்றியும் வருத்தமும் மட்டுமே 90 பக்கம், கால்வாசி இடம். அவருக்குத் தெரிய வேண்டியவை நான்கு: என்ன தவறு, யாருடைய தவறு, தன் சேவுக்கு என்ன ஆகும், இப்போது என்ன செய்யக் கூடாது. ரேட்டிங்கை மாற்றச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். சரியானால் அவரே மாற்றுவார், மாற்றாவிட்டாலும் அது அவர் உரிமை.

---

மக்கன்பேடா · காலை 9.05

அவரோட 205 காசு இன்னா ஆவுது? தப்பு உங்களுது, காசு போனது அவருது. அதைச் சொல்லாம வெறுமனே “சரி பண்ணிட்டோம்”னா நானா இருந்தா ஸ்டாரை மாத்தமாட்டேன்.

---

பாலாறு77 · காலை 9.22

நியாயமான கேள்வி. கோப்பில் இருக்கும் `deaths` 63ல் எத்தனை அகழியில், எத்தனை அவராகவே செத்தது என்று பிரிக்க முடியாது. அவர் ரிவ்யூவில் எழுதியதால் 41 என்று நமக்குத் தெரிகிறது, எழுதாமல் போனவர்களின் கணக்கு தெரியாது. சேவ் மாற்றும்போது தண்ணீர்மேல் பதிவானவர்கள் யார் என்று மட்டும் கண்டுபிடிக்கலாம், x 1760க்குக் குறைவு என்று.

---

குடியாத்தம்_டெஸ்டர் · காலை 9.40

அப்படிப் பதிவான எல்லோருக்கும் `deaths` × 5 திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடப் போகும், குறையாது.

---

ரத்னகிரி · காலை 9.47

63 × 5 = 315. அவரிடம் இருந்ததே 240. 35 மேல் 315 சேர்த்தால் 350. காசு கொடுத்துக் கதவு திறக்கும் கேமில் அது கட்டங்களின் சமநிலையைக் கெடுக்கும்.

---

கோட்டைவாசல் · காலை 10.30

காசை இன்று மாலை மற்ற இருவரோடும் பேச வேண்டும். அதை மறைக்காமல் பதிலிலேயே எழுதிவிட்டேன். கன்சோலில் 1.0.3 என்றுதான் இருந்தது. இதைப் போட்டிருக்கிறேன், 310 அளவில் வந்தது:

> “நீங்கள் சொன்னது சரி, தவறு எங்கள் கேமில்தான். பரிசலில் நிற்கும்போதே செக்பாயிண்ட் பதிவாகிறது. கேமை மூடித் திறந்தால் பரிசல் இல்லாமல் தண்ணீரில் விழுகிறது. 1.0.4ல் இது உங்களுக்குச் சரியாகாது. 1.0.5 சோதனையில் உள்ளது. அதில் உங்கள் பதிவு கரையிலிருந்து தொடரும். அதுவரை கேமை நீக்க வேண்டாம். போன காசு பற்றி முடிவாகவில்லை.”

பரிசல் திரும்பி வராத குறையை 1.0.5ன் ரிலீஸ் குறிப்பில் எழுதுகிறேன். அங்கே 500 எழுத்து இடம் இருக்கிறது.

---

குடியாத்தம்_டெஸ்டர் · காலை 10.44

ரிலீஸ் குறிப்பை அவர் படிப்பார் என்று நம்ப முடியாது. கரையில் நின்றதும் அக்கரைக் காசு தேடிப் பரிசலுக்குத்தான் வருவார். பதிலில் இன்னும் 40 எழுத்து மீதி இருக்கிறதே, “பரிசல் திரும்ப வராது” என்று அங்கேயே சேர்க்கலாம்.

---

பாலாறு77 · காலை 11.10

சேர்க்கலாம். எனக்கு அதைவிட 1.0.5 பில்டில் இன்னொரு சோதனை வேண்டும். சேவில் `level` 3, ஆனால் x, y 2ம் கட்டத்துடையதாக ஒரு கோப்பைக் கையால் எழுதி ஏற்றிப் பாருங்கள். கட்டத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும், கேம் நின்றுவிடக் கூடாது. அதைப் பார்த்த பிறகு ரோல்அவுட்டை 5%ல் தொடங்குங்கள்.

---

குடியாத்தம்_டெஸ்டர் · காலை 11.52

ஏற்றினேன். தொடக்கத்துக்குப் போகிறது, காசும் அப்படியே இருக்கிறது. `level` 9 என்று இல்லாத கட்டத்தைப் போட்டால் கறுப்புத் திரையோடு நிற்கிறது.

---

கோட்டைவாசல் · பகல் 12.05

அதைப் பார்க்கிறேன். சரியாகும்வரை 1.0.5 போகாது.